கெண்டைக்கால் இழுப்பும் மூன்று தாது மாத்திரையும்

"என் அம்மாவுக்கு 61 வயது. பினாங்கில் இருக்கிறோம். பல வருடமாகச் சுத்த சைவம், முட்டைகூட இல்லை. பால், தயிர் உண்டு. இனிப்பு நீருக்கும் பிரஷருக்கும் மருந்து சாப்பிடுகிறார், கேஸ்ட்ரிக் மாத்திரையும் 6 வருடமாக உண்டு. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. துத்தநாகம், மக்னீசியம், செலினியம் மூன்றும் சேர்ந்த மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அதெல்லாம் சாப்பாட்டிலேயே கிடைக்காதா?"

மாத்திரை வாங்குவதற்கு முன் அம்மாவின் ரத்தத்தில் மக்னீசியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது அந்த 6 வருடக் கேஸ்ட்ரிக் மாத்திரைதான். நான் இந்தத் தீவிலும் அக்கரையிலும் மருத்துவமனைகளில் உணவியல் நிபுணராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். சாப்பாடு சரியாக இருந்தும் மக்னீசியம் குறைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் குறைந்திருந்தால் மூன்றும் கலந்த மாத்திரையால் பயன் இருக்காது.

இந்த மூன்று தாதுவையும் ஒரே டப்பாவில் அடைத்து விற்பதால் மூன்றும் ஒரே காரணத்தால் குறையும் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் குறைகிறது. துத்தநாகம் தட்டில் இருக்கும், ஆனால் பூட்டிக் கிடக்கும். மக்னீசியம் அரிசியைத் தீட்டும்போதே பாதி வழியில் போய்விடும். உடம்புக்குள் வந்ததும் சில மருந்துகளால் நழுவும். செலினியம் அந்தப் பயிர் விளைந்த மண்ணைப் பொறுத்தது. அம்மாவின் ஒரு நாள் சாப்பாட்டை வைத்தே பார்க்கலாம். நீங்கள் எழுதவில்லை என்றாலும், இங்குள்ள சைவக் குடும்பங்களில் நான் கேட்டுக் குறித்துக்கொண்ட நாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: காலையில் இரண்டு தோசை, சாம்பார், பால் டீ. மதியம் ஒன்றரைக் கப் வெள்ளைச் சோறு, பருப்பு, கீரை, தயிர். மாலையில் பிஸ்கட்டும் டீயும். இரவில் இனிப்பு நீருக்காக இரண்டு சப்பாத்தி, ஒரு காய்.

முதலில் துத்தநாகம். சோற்றில் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல், சப்பாத்தியில் ஒன்றரை, தோசையில் ஒன்று, பருப்பு, சாம்பார், தயிர், பால், காய் எல்லாம் சேர்த்து இன்னொரு இரண்டு. மொத்தம் ஏறக்குறைய 6 மில்லிகிராம். அமெரிக்கப் பரிந்துரைப்படி பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 8, ஆணுக்கு 11. இந்தக் கணக்கு தோராயமானதுதான், கரண்டியின் அளவு வீட்டுக்கு வீடு மாறும். ஆனாலும் கொஞ்சம் குறைகிறது என்பது தெரிகிறது. மாட்டிறைச்சி சாப்பிடுகிறவருக்கு நூறு கிராமிலேயே 5 மில்லிகிராம் கிடைத்துவிடும். ஆட்டிறைச்சியும் நண்டும் அதற்குப் பக்கத்தில் வரும். மீனில் துத்தநாகம் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண மீனில் நூறு கிராமுக்கு அரை மில்லிகிராம்தான் இருக்கும்.

சைவத்தில் அளவு குறைவது ஒரு பக்கம். வருகிற துத்தநாகமும் முழுதாக உடம்பில் சேர்வதில்லை. தானியத்தின் தோலிலும் பருப்பிலும் ஃபைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. விதை முளைக்கும்போது தேவைப்படும் பாஸ்பரஸைச் செடி அதில்தான் சேர்த்து வைத்திருக்கிறது. அது குடலில் துத்தநாகத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், நம் உடம்பில் அதை உடைக்கும் நொதி போதுமான அளவு இல்லை. அதனால்தான் ஐரோப்பிய நிபுணர்கள் துத்தநாகத்துக்கு ஒரே எண்ணைச் சொல்வதில்லை: ஃபைட்டேட் குறைவாகச் சாப்பிடும் பெண்ணுக்கு 7.5 மில்லிகிராம், மிக அதிகமாகச் சாப்பிடும் பெண்ணுக்கு 12.7.

துத்தநாகக் குறை மனிதருக்கும் வரும் என்பதே இந்தப் பூட்டினால்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. டாக்டர் ஆனந்த பிரசாத் என்ற இந்திய மருத்துவர் 1950களின் கடைசியில் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தார். அவரிடம் வந்த 21 வயது இளைஞன் பார்க்கப் பத்து வயதுப் பையன் மாதிரி இருந்தான். அவனுடைய சாப்பாடு பெரும்பாலும் புளிக்க வைக்காத கோதுமை ரொட்டிதான், கூடவே களிமண் தின்னும் பழக்கமும் இருந்தது. துத்தநாகம் காரணமாக இருக்கலாம் என்று அவர் 1961-இல் எழுதினார். பிறகு எகிப்தில் இதே போன்றவர்களைப் பரிசோதித்து 1963-இல் அதை உறுதிசெய்தார். ரொட்டியில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. புளிக்க வைக்காததால் ஃபைட்டேட் அப்படியே இருந்தது, அது துத்தநாகத்தை விடவில்லை.

நம் வீட்டில் தோசை மாவைப் புளிக்க வைப்பதால் இங்கே நல்லது நடக்கிறது. ஊறும்போதும் புளிக்கும்போதும் தானியத்தில் இருக்கிற நொதியும் நுண்ணுயிரும் ஃபைட்டேட்டில் ஒரு பகுதியை உடைக்கின்றன. ஆகவே ஒரே அளவு துத்தநாகம் இருந்தாலும் இரவு முழுக்கப் புளித்த தோசையிலிருந்து சப்பாத்தியைவிடக் கூடுதலாகச் சேரும். கொண்டைக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது, பச்சைப் பயறை முளைகட்டுவது எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. பாசாரில் வாழை இலையில் மடித்து விற்கும் தெம்பேயும் புளிக்க வைத்த சோயாதான். சைவக்காரர்களுக்கு அதைவிட நல்ல மலாய்ச் சமையல் பொருள் எனக்குத் தெரியாது. உங்கள் அம்மா மாலை பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டால் 2 மில்லிகிராமுக்கு மேல் கூடும். வாரத்தில் மூன்று நான்கு நாள் தெம்பேயைச் சம்பலிலோ குழம்பிலோ சேர்க்கலாம். இவ்வளவு செய்தால் அவருக்குத் துத்தநாக மாத்திரை தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். துத்தநாகத்தை ரத்தத்தில் அளந்து பார்க்கலாமே என்று கேட்பார்கள். பார்க்கலாம், ஆனால் அந்த எண்ணை நம்பி ஒரு முடிவுக்கு வருவது கஷ்டம். சாப்பிட்டவுடன் அது இறங்கும், ஜுரம் வந்தால் இறங்கும், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் காட்டும். புண் ஆற நாளாகிறதா, நாக்கில் ருசி மாறியிருக்கிறதா, பசி குறைந்திருக்கிறதா, வயிற்றுப்போக்கு நாள்கணக்கில் இருக்கிறதா என்று கேட்டுத்தான் சாப்பாட்டுக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கிறோம். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணங்களும் உண்டு. இனிப்பு நீர் இருப்பவருக்குப் புண் ஆறாததற்குத் துத்தநாகத்தைத் தேட வேண்டியதே இல்லை. அப்புறம், "எதற்கும் இருக்கட்டும்" என்று 50 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் மாதக்கணக்கில் எடுத்தால் செம்பு உடம்பில் சேராமல் போகும். அதனால் ரத்தசோகை வரும், கால் மரத்துப்போவதும் உண்டு. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 40-க்கு மேல் போகக் கூடாது.

இனி மக்னீசியம். அதே நாள் சாப்பாட்டில் மக்னீசியம் 250 மில்லிகிராம் பக்கம் வருகிறது, பரிந்துரை 320. இதில் கவனிக்க வேண்டியது, ஒன்றரைக் கப் வெள்ளைச் சோறு கொடுப்பது 30-தான், இரண்டு சப்பாத்தி 80 கொடுக்கிறது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு மக்னீசியம் போய்விடுகிறது. அதே சோற்றைத் தீட்டாத அரிசியில் வடித்தால் மூன்று மடங்குக்கு மேல் கிடைக்கும். கேழ்வரகு, உளுந்து, பயாம் கீரை, கச்சான், முந்திரி எல்லாமே நல்ல மூலங்கள்தான். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பூசணி விதை. பேக்கிங் சாமான் விற்கும் கடையில் உப்புப் போடாமல் உரித்தது கிடைக்கும். 30 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, 150 மில்லிகிராம் மக்னீசியமும் 2 மில்லிகிராம் துத்தநாகமும் தரும். உப்புப் போட்ட குவாச்சி வேண்டாம், அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது.

சாப்பாட்டில் இந்தக் குறையைச் சரிசெய்துவிடலாம். ஆனால் மக்னீசியத்தில் எனக்குப் பெரிய பயம் சாப்பாட்டைப் பற்றியது இல்லை. ஏன் என்று ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து 64 வயது அம்மா ஒருவர் வந்தார். மீன் சாப்பிடுகிறவர், கீரையும் பருப்பும் தினம் உண்டு. உடம்பு சோர்வு, இரவில் கால் இழுப்பு, விரல் நடுக்கம், நெஞ்சு படபடப்பு. ரத்தத்தில் பொட்டாசியம் 2.9, சாதாரணமாக 3.5-க்கு மேல் இருக்க வேண்டும். பொட்டாசியம் மருந்து கொடுத்தார்கள், கொஞ்சம் ஏறியது, இரண்டு வாரத்தில் மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை வந்தபோது ஓர் இளம் டாக்டர் மக்னீசியத்தையும் அளக்கச் சொன்னார். 0.7-க்கு மேல் இருக்க வேண்டியது 0.38 மில்லிமோல் இருந்தது. மக்னீசியம் இவ்வளவு இறங்கினால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிடும், கால்சியமும் இறங்கும். மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியத்தை ஊற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான்.

மக்னீசியம் உள்ள சாப்பாடு சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்து மூன்று நாள் சாப்பாட்டைக் கேட்டு எழுதினேன். சராசரி 300 மில்லிகிராமுக்கு மேல் வந்தது. இவ்வளவு சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் 0.38 வரக் கூடாது. "ம்மா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டேன். "எல்லாம் இருக்கு மிஸ்" என்று பையைக் கவிழ்த்தார். ஒமெப்ரசோல் என்ற கேஸ்ட்ரிக் மாத்திரை இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு மருத்துவமனையில் வயிற்று எரிச்சலுக்குச் சில வாரங்களுக்காக எழுதிக் கொடுத்தது, அதன் பிறகு எந்த இடத்திலும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். சிறுநீரில் மக்னீசியத்தை அளந்தார்கள், மிகக் குறைவாக இருந்தது. சிறுநீரகம் தன்னிடம் வந்த சொற்பத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அப்படியானால் பிரச்சினை குடலில். சாப்பிட்ட மக்னீசியம் உள்ளே போகவே இல்லை. நரம்பில் மக்னீசியம் ஏற்றினார்கள், ஒமெப்ரசோலை நிறுத்தி வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் மக்னீசியம் சரியான அளவுக்கு வந்தது. பொட்டாசியம் மருந்து இல்லாமலேயே பொட்டாசியமும் நின்றது. அதற்கு முன்பு அவர் மகள் மக்னீசியம் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்த்திருந்தார், வயிற்றுப்போக்குதான் மிஞ்சியது.

இது அபூர்வமாக நடப்பதுதான், ஒமெப்ரசோல் சாப்பிடுகிற எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் இது கண்டறிந்து எழுதப்பட்ட விஷயம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் இதற்கென எச்சரிக்கையே வெளியிட்டது. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல், எசோமெப்ரசோல் போன்ற மருந்துகளைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு இப்படி வந்தது என்றும், அவர்கள் பார்த்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு மக்னீசியம் கொடுத்தும் ஏறவில்லை, மருந்தை நிறுத்திய பிறகுதான் ஏறியது என்றும் அதில் சொன்னார்கள். அதனால்தான் மாத்திரை வாங்குவதற்கு முன் பரிசோதனை என்று ஆரம்பத்திலேயே எழுதினேன்.

உங்கள் அம்மாவுக்கு இன்னும் இரண்டு வழிகளில் மக்னீசியம் போகலாம். பிரஷர் மருந்தில் நீர் மாத்திரை, அதாவது ஹைட்ரோகுளோரோதையசைட் அல்லது ஃப்ரூசமைட், இருக்கிறதா என்று பாருங்கள். அவை சிறுநீரில் மக்னீசியத்தை வெளியே தள்ளும். அப்போது சிறுநீர்ப் பரிசோதனையில் மக்னீசியம் கூடுதலாகத் தெரியும், பட்டர்வொர்த் அம்மாவுக்கு வந்ததற்கு நேர்மாறாக. இரண்டாவது, இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாமல் அடிக்கடி சிறுநீர் போனால் அதனோடும் மக்னீசியம் போகும். மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை.

அரசாங்க கிளினிக்கில் அடுத்த தடவை ரத்தம் எடுக்கும்போது பொட்டாசியம், கால்சியம், சிறுநீரக வேலைத்திறன் ஆகியவற்றோடு மக்னீசியத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் பல இடங்களில் மக்னீசியம் இருக்காது, கேட்டால்தான் எடுப்பார்கள். இதிலும் ஒரு குறை உண்டு. உடம்பின் மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் ரத்தத்தில் ஓடுகிறது, மீதி எலும்பிலும் தசையிலும் இருக்கிறது. ஆக எண் குறைவாக வந்தால் குறை நிச்சயம், சரியாக வந்தால் லேசான குறை இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஆபத்தான குறையைப் பிடிக்க இது போதும்.

கேஸ்ட்ரிக் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வயிற்றுப்புண்ணில் ரத்தம் வந்தவர்கள், இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் போன்றோருக்கு அது அவசியமாக இருக்கலாம். திடீரென்று நிறுத்தினால் சில வாரம் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சலும் வரும். எதற்காக ஆரம்பித்தது, இன்னும் வேண்டுமா, குறைத்துக்கொண்டே வரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மக்னீசியம் மாத்திரையும் அதேபோல. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மக்னீசியம் வெளியே போகாமல் ரத்தத்தில் ஏறிவிடும், அது ஆபத்து. இனிப்பு நீரும் பிரஷரும் பல வருடமாக இருப்பவருக்குச் சிறுநீரகத்தைப் பார்க்காமல் நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் விதைகளும் பருப்பும் எவ்வளவு என்பதையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும், அவற்றில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் இருக்கின்றன.

கால் இழுப்புக்கு மக்னீசியம் உதவுமா என்றால், மக்னீசியம் சரியாக இருக்கிற வயதானவர்களுக்கு உதவாது என்றுதான் சோதனைகள் காட்டுகின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வும் வெற்று மாத்திரைக்கும் மக்னீசியத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றே முடித்தது. நிஜமாகவே குறைந்துபோனவர்களுக்கு அது வேறு விஷயம். அத்துடன், நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள்: வைட்டமின் பி12. சுத்த சைவத்தில் பாலையும் தயிரையும் தவிர அதற்கு வழி குறைவு, கேஸ்ட்ரிக் மாத்திரை அதைச் சேரவிடாது, இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதுவும் சேரவிடாது. மூன்றும் ஒருவரிடம் இருந்தால் பி12 பார்க்காமல் விடக் கூடாது. பாதம் எரிகிறது, மரக்கிறது என்று அம்மா சொன்னால் இன்னும் அவசரமாகப் பாருங்கள்.

செலினியத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம். மீன் சாப்பிடும் வீட்டில் ஒரு கெம்போங் மீனும் ஒரு முட்டையும் அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடும். சுத்த சைவத்தில் கோதுமையை நம்ப வேண்டியிருக்கிறது, அது எந்த மண்ணில் விளைந்தது என்பதைப் பொறுத்து அளவு மாறும். மலேசியாவில் கோதுமை விளைவதில்லை, எல்லாமே இறக்குமதி. அமெரிக்கக் கோதுமையில் செலினியம் தாராளம், ஆகவே அந்த மாவில் சுட்ட இரண்டு சப்பாத்தி பாதித் தேவையைத் தாண்டும். வேறு நாட்டு மாவில் பல மடங்கு குறையலாம். மண்ணில் செலினியம் இல்லாத ஊரில் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் கேஷான் வட்டாரம் சாட்சி, அங்கே வந்த இதய நோய்க்கே அந்த ஊர்ப் பெயர். பின்லாந்து 1984-இலிருந்து உரத்திலேயே செலினியம் கலக்கிறது. இங்கே பல நாட்டுத் தானியம் கலந்து வருவதால் அப்படி ஒரு குறையை நான் பார்த்ததில்லை.

சந்தேகமாக இருந்தால் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பிரேசில் கொட்டை கொடுங்கள், அது போதும். ஒரு கொட்டையிலேயே 50-லிருந்து 90 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பதால் கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிடக் கூடாது. ஒரு நாளைக்கு 400-ஐத் தாண்டித் தொடர்ந்து போனால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை வரும். 200 மைக்ரோகிராம் செலினியம் உள்ள மாத்திரை என்றால் உங்கள் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் அந்த அளவைப் பல வருடம் எடுத்தவர்களில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் கூடுதல் பேருக்கு நீரிழிவு வந்தது. பிறகு வந்த எல்லா ஆய்விலும் அதே முடிவு வரவில்லை என்றாலும், ஏற்கெனவே இனிப்பு நீர் இருப்பவருக்கு நான் அதைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

சரி, அம்மா சாப்பிடும் எல்லா மருந்தையும், பெட்டியோடு, ஒரு பையில் போட்டு கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை சுண்டலும் தெம்பேயும் கொடுக்கத் தடையில்லை, மூன்று தாது மாத்திரையை மட்டும் தள்ளி வையுங்கள். இதற்கிடையில் நெஞ்சு படபடப்பு, கை விரல்கள் தானாக மடங்கி இழுப்பது, குழப்பமாகப் பேசுவது, வலிப்பு இவற்றில் ஏதாவது வந்தால் முடிவுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, கேஸ்ட்ரிக் மாத்திரையின் பெயரும் 6 வருடமாக எடுக்கிறார் என்பதும்தான்.